விலை ஏத்தறோம்னு நான் எழுதின ரெண்டு லெட்டர்

2024 அக்டோபர், தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது, எங்க கடைக்கு ஆறு வருஷமா வர்ற ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கல்லா முன்னாடி நின்னு போன்ல நான் அனுப்பின மெசேஜை திறந்து காட்டி, "ஏம்மா, நீங்க பாமாயில் கலக்கறீங்களா?"ன்னு கேட்டார். கோபமா கேக்கல, சண்டை போடவும் வரல, நெஜமாவே சந்தேகத்துல கேட்டார், அதுதான் எனக்கு அன்னைக்கு பூரா மனசு கேக்காம போச்சு.

ஈரோட்டுல நாங்க மரச்செக்கு எண்ணெய்க் கடை வெச்சிருக்கோம். செக்கு ஓட்டறது வீட்டுக்காரர், கடை, கணக்கு, வாட்ஸ்அப் எல்லாம் நான். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மூணுதான். மாசாமாசம் வாங்கற வீடுன்னு ஒரு நோட்டுல பேர் எழுதி வெச்சிருக்கேன், அப்போ 143 வீடு இருந்துச்சு. கடை ஓடறதே இந்த 143 வீட்டாலதான், ரோட்டுல போறவங்க வாங்கறது கூடுதல் வருமானம் அவ்வளவுதான்.

அந்த மெசேஜ்ல நான் எழுதியிருந்தது இதுதான்: "அன்பான வாடிக்கையாளர்களுக்கு இனிய தீபாவளி நல்வாழ்த்துகள். இறக்குமதி எண்ணெய் மீதான வரி உயர்வு மற்றும் தவிர்க்க முடியாத காரணங்களால் தேங்காய் எண்ணெய் விலை மாற்றியமைக்கப்பட்டுள்ளது. தங்கள் மேலான ஆதரவை எதிர்பார்க்கிறோம்." ரெண்டு நாள் யோசிச்சு எழுதினது, மரியாதையா இருக்குன்னு வேற நெனச்சேன்.

இறக்குமதி வரின்னு ஏன் போட்டேன்னா, செப்டம்பர் 14 அன்னைக்குத்தான் மத்திய அரசு பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கெல்லாம் வரியை 20 சதவீதம் ஏத்தியிருந்தாங்க, டிவில எல்லாரும் பாத்திருப்பாங்க, அதனால எல்லாருக்கும் டக்குன்னு புரியும்னு நெனச்சேன். ஆனா நாங்க ஆட்டறது காங்கேயம், பெருந்துறை பக்கத்துக் கொப்பரை. எங்க செக்குக்குள்ள இறக்குமதி எண்ணெய்ல ஒரு சொட்டு போறதில்ல. பாமாயில் விலை ஏறினா மத்த எண்ணெயும் கூடவே ஏறும், அது சந்தைக்குத் தெரிஞ்ச விஷயம், ஆனா படிக்கறவருக்கு என்ன தோணும்? இறக்குமதி எண்ணெய்க்கு வரி போட்டா உன் எண்ணெய் ஏன் ஏறணும், அப்போ உள்ள அது இருக்குன்னுதானே அர்த்தம். வாத்தியார் வாயைத் திறந்து கேட்டுட்டார். கேக்காம போனவங்க எத்தனை பேர்னு அப்புறம் நோட்டைப் பாத்தாத்தான் தெரிஞ்சது. அடுத்த ரெண்டு மாசத்துல 31 வீடு வரவே இல்ல.

31 பேரும் விலைக்காகத்தான் போனாங்கன்னு மொதல்ல நெனச்சேன். 260ல இருந்து 320, ஒரே அடியா 60 ரூபா, போகத்தானே செய்வாங்கன்னு. அப்புறம் ஜனவரில பொங்கல் முடிஞ்சதும் ஒவ்வொரு வீட்டுக்கா போன் பண்ணிக் கேட்டேன். எண்ணெய் வாங்கச் சொல்லி கேக்கல, என்ன ஆச்சுன்னு மட்டும்தான் கேட்டேன். அதுல பாதிப் பேருக்கு மெசேஜே போய்ச் சேரல. கடைக்கு வந்து, பாட்டிலை எடுத்து, காசை நீட்டினப்போதான் 320ன்னு தெரிஞ்சிருக்கு. அதுல ஒரு அம்மா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு, "அம்மிணி, அறுவது ரூவா எனக்குப் பெருசில்ல, நாலு பேர் நிக்கறப்போ பையில காசு பத்தாம நின்னேன் பாரு, அதுதான்." அவங்க எண்ணிக் கொண்டு வந்தது 260.

மெசேஜ் ஏன் போகலன்னு விசாரிச்சப்பறம்தான் விஷயம் வெளங்குச்சு. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்ல அனுப்பினா, நம்ம நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணி வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் போகும். நாம அவங்க நம்பரை சேவ் பண்ணினா போதாது. இது தெரியாமதான் அத்தனை நாளா தீபாவளி வாழ்த்து, பொங்கல் வாழ்த்துன்னு அனுப்பிட்டு இருந்திருக்கேன், வாழ்த்து போகலன்னா யாரும் கேக்க மாட்டாங்க, விலை போகலன்னாத்தான் தெரியுது. அனுப்பின மெசேஜை அழுத்திப் புடிச்சு இன்ஃபோ பாத்தா யாருக்குப் போச்சு, யார் படிச்சாங்கன்னு பேர் பேரா வரும், அதை நோட்டோட வெச்சுப் பாத்தா விட்டுப்போனவங்க யார்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சிரும். அக்டோபர்ல அந்தப் பத்து நிமிஷம் நான் செலவு பண்ணல.

சரி, ரெண்டாவது லெட்டருக்கு வர்றேன். 2025 மார்ச்ல மறுபடியும் ஏத்தியே ஆகணும்னு வந்துருச்சு. கொப்பரை ஏன் அப்படி ஏறுச்சுன்னு கேட்டா மண்டியில ஆளுக்கொரு காரணம் சொல்லுவாங்க. 2024 கோடையில வெயிலும் வறட்சியும், தென்னைக்கு ஒரு குணம் உண்டு, பாளை வெடிச்சு காய் முத்தறதுக்கு ஒரு வருஷம் பக்கம் ஆகும், அதனால இந்த வருஷ வறட்சி அடுத்த வருஷக் காய்லதான் தெரியும். பொள்ளாச்சி பக்கம் வெள்ளை ஈ, வேர் வாடல் நோய். இளநீருக்கு நல்ல விலை கெடைக்கறதால காயை முத்த விடாமலே வெட்டிடறாங்க. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாலயும் வெளச்சல் கம்மி. எல்லாமே உண்மைதான், எல்லாத்தையும் லெட்டர்ல எழுதலாம்னுதான் மொதல்ல உக்காந்தேன்.

எழுதிப் படிச்சுப் பாத்தா, கடன் வாங்கினவன் திருப்பித் தர முடியாததுக்கு அஞ்சு காரணம் சொல்ற மாதிரி இருந்துச்சு. காரணம் அதிகமானா நம்பிக்கை கம்மியாகுது. அப்புறம் இன்னொண்ணு, பிலிப்பைன்ஸ்ல மழை பெய்யலங்கறதை வாங்கறவர் சரிபாக்க முடியாது, நானும் போய்ப் பாத்ததில்ல. அவரால சரிபாக்க முடியற ஒரே விஷயம் கொப்பரை விலை, அது பெருந்துறை ஏலத்துல இன்னைக்கு என்ன போச்சுன்னு எங்க ஊர் பேப்பர்லயே வருது, "தேங்காய் பருப்பு ஏலம்"னு ஒரு சின்ன செய்தியா. அதனால காரணம் அது ஒண்ணு மட்டும்தான்னு முடிவு பண்ணேன். கொப்பரை ஏன் ஏறுச்சுங்கறதை விட்டுட்டு, கொப்பரை ஏறினதுல என் ஒரு லிட்டர் எப்படி ஏறுச்சுன்னு மட்டும் சொல்றதுன்னு.

அதுக்கு மொதல்ல எனக்கே கணக்கு சரியா தெரியணும். இத்தனை வருஷமும் மாசக் கடைசில கையில நிக்கறதை வெச்சுத்தான் பாத்துட்டு இருந்தோம். வீட்டுக்காரரும் நானும் ஒரு நாள் உக்காந்து ஒரு செக்கு ஆட்டறதை முழுசா எடை போட்டோம். நல்லா காஞ்ச கொப்பரை 16.5 கிலோ போட்டா, ஒன்றரை மணி நேரம் ஆட்டி, டிரம்முல மூணு நாள் தெளிய வெச்சு, அடிக் கசடு போக பாட்டில்ல வந்தது 10 லிட்டர். அப்போ ஒரு லிட்டருக்கு 1.65 கிலோ கொப்பரை. இங்க ஒரு விஷயம், ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஒரு கிலோ இருக்காது, 920 கிராம் பக்கம்தான் வரும். லிட்டரும் கிலோவும் ஒண்ணுன்னு போட்டா கணக்கு தப்பாயிரும், நாங்களே ரொம்ப நாள் அப்படித்தான் போட்டுட்டு இருந்தோம். மீதி புண்ணாக்கு, அதை மாட்டுக்கு வாங்கிட்டுப் போவாங்க, அதுல லிட்டருக்கு ஒரு 20 ரூபா திரும்பி வருது.

கொப்பரை ஈரமா இருந்தா இந்தக் கணக்கே மாறிடும். ஈரம் 6 சதவீதத்துக்கு மேல போனா எண்ணெயும் கம்மி, சிக்கு வாடையும் சீக்கிரம் வந்துரும். மழைக்காலத்துல ஒடிச்சுப் பாத்தா டப்புன்னு ஒடியாம வளையும், அதை வாங்கக் கூடாது, விலை கம்மின்னு வாங்கினா லிட்டருக்கு 1.8 கிலோ வரைக்கும் இழுத்துரும். அதனால கணக்கு எடுக்கறதுக்கு நல்ல கொப்பரைல ஒரு தடவை, சுமாரான கொப்பரைல ஒரு தடவைன்னு ரெண்டு தடவை எடை போட்டுத்தான் 1.65ன்னு வெச்சோம்.

கணக்கு போட்டு முடிச்சதும் வீட்டுக்காரர் கேட்டார், இதையெல்லாம் லெட்டர்ல எழுதப் போறியான்னு. ஆமான்னேன். நம்ம லாபத்தையுமான்னார். ஆமான்னேன். எந்தக் கடைக்காரன் தன் லாபத்தை எழுதிக் காட்டுவான்னு அவர் ஒரு நாள் முழுக்க பேசல. அவர் பயத்துலயும் நியாயம் இருந்துச்சு, அதைப் பத்தி கீழ சொல்றேன்.

மார்ச் 16, ஞாயித்துக்கிழமை அனுப்பின லெட்டர் இது. அப்படியே தர்றேன், ஒரு எழுத்து மாத்தல.

> வணக்கம்.
>
> ஏப்ரல் 1 செவ்வாய்க்கிழமையில இருந்து நம்ம தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர் 380 ரூபாய். இப்போ 320. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் விலை மாறல.
>
> காரணம் கொப்பரை விலை. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 1.65 கிலோ கொப்பரை வேணும். போன வருஷம் ஜூன்ல கிலோ 100 ரூபாய்க்கு வாங்கினோம், இப்போ 172 ரூபாய்க்கு வாங்கறோம். 380 ரூபாய் எங்க போகுதுன்னா: கொப்பரைக்கு 284. ஆட்டுக் கூலி, கரண்ட், பாட்டில், வாடகை எல்லாம் சேர்ந்து 66. புண்ணாக்கு வித்து 20 ரூபாய் திரும்ப வருது. ஜிஎஸ்டி 18. நம்ம கடைக்கு நிக்கறது 32. போன வருஷம் 260க்கு வித்தப்போ நின்னது 37.
>
> அளவைக் குறைக்கல, ஒரு லிட்டர் பாட்டில்ல ஒரு லிட்டர்தான் இருக்கும். வேற எந்த எண்ணெயும் கலக்கல. எப்போ வேணாலும் வந்து செக்கு ஓடறதை நின்னு பாக்கலாம், காலையில 7 மணில இருந்து 11 மணி வரைக்கும் ஆட்டறோம்.
>
> மார்ச் 31 வரைக்கும் நீங்க வழக்கமா ஒரு மாசத்துக்கு வாங்கற அளவு பழைய விலை 320க்கே வாங்கிக்கலாம். அட்வான்ஸ் குடுத்தவங்களுக்கு பேசின விலைதான்.
>
> 380ங்கற விலை ஜூன் 30 வரைக்கும் ஏறாது. கொப்பரை ஒரு மாசம் முழுக்க கிலோ 155க்குக் கீழ இருந்தா லிட்டர் 350 ஆக்கிடுவோம், நாங்களே மெசேஜ் அனுப்புவோம்.
>
> கட்டுப்படியாகலன்னா அரை லிட்டரும் 200 மில்லியும் இருக்கு, லிட்டர் கணக்குல அதே விலைதான், பாட்டிலுக்குன்னு கூட வாங்கல. ஏதாச்சும் கேக்கணும்னா போன் பண்ணுங்க, நான்தான் எடுப்பேன்.

இதுல ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி ஒரு யோசனை இருக்கு. எல்லாத்தையும் சொல்லப் போறதில்ல, எனக்கு கஷ்டமா இருந்த நாலஞ்சு மட்டும் சொல்றேன்.

மொதல்ல விலையை மொத வரில வெச்சது. அக்டோபர் மெசேஜ்ல விலை எவ்வளவுங்கறதே இல்ல, "மாற்றியமைக்கப்பட்டுள்ளது"ன்னு மட்டும் இருந்துச்சு. வெக்கப்பட்டு மறைச்சேன்னுதான் சொல்லணும். படிக்கறவங்க வாழ்த்து, நன்றி எல்லாம் தாண்டி விலையைத்தான் தேடுவாங்க, அது இல்லன்னா ஏதோ மறைக்கறாங்கன்னு தோணும். பழைய விலையையும் கூடவே போட்டேன், ஏன்னா அவங்களே மனசுல கழிச்சுப் பாக்கத்தான் போறாங்க. வாழ்த்தே போடல. விலை ஏத்தற லெட்டர்ல பண்டிகை வாழ்த்து வெச்சா வாழ்த்துக்கும் மதிப்பு போயிரும்.

அடுத்தது கடலை எண்ணெய் விலை மாறலன்னு சொன்ன வரி. அப்போ நெலக்கடலை விலை ஏறல, சொல்லப்போனா விவசாயிக்கு கட்டுப்படியாகாத அளவுக்கு இறங்கித்தான் கெடந்துச்சு. ஏத்தறதோட ஏத்தறதா இதுலயும் ஒரு பத்து ரூபா போட்டுக்கலாம், யாரு கேக்கப் போறான்னு தெரிஞ்ச கடைக்காரர் ஒருத்தர் சொன்னார். ஆனா அந்தப் பத்து ரூபாயைப் போட்டா கொப்பரைதான் காரணம்னு நான் எழுதின மொத்த லெட்டரும் பொய்யாயிரும். ஒரே ஒரு எண்ணெய் மட்டும் ஏறுதுன்னா, அது ஏறினதுக்கு நெஜமாவே காரணம் இருக்குன்னு யாரும் சொல்லாமலே புரியும். நடந்ததும் அப்படித்தான், தேங்காய் எண்ணெயைக் குறைச்ச நெறைய வீடு பொரிக்கறதுக்கு கடலை எண்ணெய்க்கு மாறினாங்க, வேற கடைக்கு மாறல.

அளவு. இது பெரிய சபலம். 320 ரூபாயை அப்படியே வெச்சுட்டு 850 மில்லி பாட்டில் போட்டா லெட்டரே எழுத வேண்டாம். பாட்டில் சப்ளை பண்றவர் சாம்பிளே கொண்டு வந்து காட்டினார், உயரம் அதேதான், அடி மட்டும் உள்ள குழிஞ்சு இருக்கும். அந்த பாட்டிலைக் கையில வெச்சுப் பாத்தேன், லேபிள்ல அளவு போட்டிருந்தா சட்டப்படி தப்பில்லதான். ஆனா எங்க வீடுகள்ல எண்ணெய் வாங்கினதும் தூக்குலயோ பழைய சாடிலயோ ஊத்தி வெக்கறவங்க பாதிப் பேர், சாடி நெறையலன்னா அன்னைக்கே தெரிஞ்சிரும். விலை ஏத்தினேன்னு கோச்சுக்கிட்டவங்களை போன் பண்ணி சமாதானம் பண்ணலாம், சாடி நெறையலன்னு கண்டுபிடிச்சவங்ககிட்ட என்னன்னு போய்ப் பேசறது?

பழைய விலையில வாங்கிக்கலாம்னு பதினஞ்சு நாள் குடுத்தது. எங்க வீடுகள் பெரும்பாலும் மாசத்துக்கு ரெண்டு லிட்டர், ஒண்ணாம் தேதி ஒரு தடவை, நடுவுல ஒரு தடவைன்னு வர்றவங்க. பதினஞ்சு நாள்னா எல்லாரும் ஒரு தடவையாச்சும் பழைய விலையில வாங்கிட்டுத்தான் புது விலைக்கு வருவாங்க. "வழக்கமா ஒரு மாசத்துக்கு வாங்கற அளவு"ன்னு கட்டுப்பாடு வெச்சது முக்கியம், இல்லன்னா ஒருத்தரே நாப்பது லிட்டர் கேப்பார், மத்தவங்களுக்கு இருக்காது. நோட்டுல அளவு இருக்கறதால யாருக்கு எவ்வளவுன்னு சண்டையே வரல. இந்தப் பதினஞ்சு நாள்ல 190 லிட்டர் பழைய விலைக்குப் போச்சு, ஜிஎஸ்டி போக கைக்கு வர்றது 305, அடக்கம் 330, லிட்டருக்கு 25 ரூபா கையை விட்டுப் போச்சு. மொத்தம் 4,750 ரூபா. இதை நான் நஷ்டமா எழுதல, விலை ஏத்தற செலவுன்னு நோட்டுல தனியா எழுதினேன். அக்டோபர்ல போன 31 வீடும் மாசம் ரெண்டு லிட்டர்னு வெச்சாக்கூட, ஒரு வருஷத்துல அதைவிட எவ்வளவோ அதிகம் போயிருக்கு.

லாபத்தை எழுதினது. வீட்டுக்காரர் பயந்தது ரெண்டு விஷயத்துக்கு, பேரம் பேசுவாங்க, மத்த கடைக்காரங்க பாப்பாங்க. பேரம் வந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஒருத்தர் கடைக்கு வந்து, "32 நிக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, பத்து ரூபா எனக்குக் குறைங்களேன் அக்கா"ன்னார். அவருக்கு நோட்டைத் திறந்து மாசத்துக்கு 300 லிட்டர் ஓடுதுன்னு காட்டினேன், 32 ரூபா வெச்சா எவ்வளவு வருதுன்னு அவரே பெருக்கிப் பாத்தார், அப்புறம் ரெண்டு லிட்டர் எடுத்துட்டு முழுக் காசு குடுத்துட்டுப் போனார். ஆனா இது எல்லாருக்கும் ஆகாது. எங்ககிட்ட வாங்கற நாலஞ்சு மெஸ்ஸு, சமையல்காரங்களுக்கு இந்த லெட்டரை நான் அனுப்பல, அவங்க தொழிலே அளவுல வாங்கி விலையைக் குறைக்கறதுதான், லாபத்தைக் காட்டினா அங்கிருந்துதான் பேச்சையே ஆரம்பிப்பாங்க. அவங்களுக்கு வீடுகளுக்குச் சொல்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே போன்லயோ நேர்லயோ பேசினேன், ஏன்னா அவங்க கல்யாண ஆர்டருக்கு ரேட் பேசியிருப்பாங்க, நாம லேட்டா சொன்னா அவங்க கையைக் கடிக்கும். அட்வான்ஸ் குடுத்தவங்களுக்கு பேசின விலைதான்னு எழுதினதும் இவங்களை நெனச்சுத்தான், வீடுகளுக்கும் அது பொருந்தட்டும்னு லெட்டர்லயே போட்டேன்.

கூடவே, அந்த நம்பரை நின்னு காப்பாத்த முடியும்னாத்தான் எழுதணும். கூலி 66ன்னு போட்டிருக்கீங்களே, பிரிச்சுச் சொல்லுங்கன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. எடை போட்டு எழுதி வெச்சிருந்ததால சொல்ல முடிஞ்சுது. குத்துமதிப்பா போட்டிருந்தா அங்கயே மாட்டியிருப்பேன்.

இந்த தடவை லெட்டர் போய்ச் சேருதாங்கறதை விடவே இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில அனுப்பிட்டு சாயந்திரம் இன்ஃபோ பாத்து, போகாத பேரை நோட்டுல சுழிச்சேன், 40 பேருக்கு மேல வந்துச்சு. அவங்களுக்கு தனித்தனியா அனுப்பினேன். வாட்ஸ்அப்பே இல்லாத வயசானவங்க பதினேழு பேருக்கு கொஞ்சம் பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து, அவங்க வாங்கற பாட்டில் கழுத்துல நூல்ல கட்டிக் குடுத்தேன். கடையில பையன் கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி வெச்சேன், ஏப்ரல்ல யார் வந்தாலும் பாட்டிலை எடுக்கறதுக்கு முன்னாடி "இப்போ 380ங்க, லெட்டர் கெடைச்சுதுங்களா?"ன்னு கேட்டுரு, கெடைக்கலன்னு சொன்னா அந்த ஒரு தடவை பழைய விலை போட்டுரு. எட்டு பேருக்கு அப்படி போட்டோம்.

லெட்டர் வேலை செஞ்சுதாங்கறதை பதில்ல வெச்சு சொல்ல முடியாது. அக்டோபர் மெசேஜுக்கும் நெறைய பேர் கை கூப்பற படம் அனுப்பியிருந்தாங்க, அவங்கள்லயே சில பேர் அப்புறம் வரல. நோட்டுலதான் பாக்கணும். ஏத்தினதுக்கு அப்புறம் ரெண்டு மாசம், ஒவ்வொரு வீடும் வந்தாங்களா, எவ்வளவு வாங்கினாங்க. ஏப்ரலும் மேயும் முடிஞ்சு பாத்தேன். 112 வீடு மீதி இருந்துச்சு இல்லையா, நடுவுல போன் பண்ணினதுல திரும்பி வந்தவங்க, புதுசா சேந்தவங்க சேத்து மார்ச்ல 126. அதுல வராம போனது 6. ஒன்பது வீடு லிட்டர்ல இருந்து அரை லிட்டருக்கு மாறினாங்க. ஏத்தினது ரெண்டு தடவையும் அதே 60 ரூபாதான்.

நான் தப்பு பண்ணின எடமும் இந்த லெட்டர்ல இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஜூன் 30 வரைக்கும் ஏறாதுன்னு எழுதினேனே, அது. மூணு மாசம் சொன்னா வீட்டுச் செலவு போடறவங்களுக்கு நிம்மதியா இருக்கும்னு எழுதிட்டேன். ஆனா கொப்பரையை மூணு மாசத்துக்கு வாங்கி வெக்க முடியாது. எங்களுக்கு மாசம் 500 கிலோ வேணும், ஒரு மாசம், மிஞ்சிப்போனா ஒன்றரை மாசத்துக்கு மேல வெச்சா பூஞ்சையும் வண்டும் வந்துரும், பணமும் முடங்கிடும். மே மாசம் பாதி வரைக்கும் வாங்கி வெச்சது தாங்குச்சு, அப்புறம் அன்னன்னைக்கு விலைக்குத்தான் வாங்க வேண்டியிருந்துச்சு. ஜூன்ல 210க்கு வாங்கினோம். அந்த விலைக்கு அடக்கமே 392 ஆகுது, ஜிஎஸ்டி போக என் கைக்கு வர்றது 362. லிட்டருக்கு 30 ரூபா நஷ்டத்துல ஒரு மாசம் ஓட்டினோம், 9,000 ரூபா. எழுதிக் குடுத்தாச்சு, மாத்தல. வீட்டுக்காரர் அந்த மாசமும் ஒண்ணும் பேசல, ஆனா ஏலத்துக்குப் போயிட்டு வர்றப்போ முகத்தைப் பாத்தாலே தெரியும். விலை ஏறாதுன்னு வாக்கு குடுக்கறது நம்ம கையில சரக்கு இருக்கற நாளைத் தாண்டி ரொம்ப போகக் கூடாதுன்னு அப்போதான் எனக்கு உறைச்சுது. ஜூலைல மூணாவது தடவையா 480ன்னு ஏத்தினப்போ, கொப்பரை 230, ரெண்டு மாசம்னுதான் எழுதினேன், ஆகஸ்ட் 31 வரைக்கும்.

அந்த ஜூலை லெட்டர்ல புதுசா ஒண்ணே ஒண்ணுதான் சேத்தேன். "ஜூன் மாசம் நஷ்டத்துல குடுத்தோம்"னு எழுதலாமான்னு ரொம்ப யோசிச்சேன், எழுதல. அது அவங்க கேட்ட சலுகை இல்ல, நான் கணக்குத் தப்பி குடுத்த வாக்கு, அதுக்கு அவங்களை நன்றி சொல்ல வெக்கறது சரியில்ல. அதுக்குப் பதிலா "மார்ச்ல சொன்ன மாதிரி ஜூன் 30 வரைக்கும் 380தான் இருந்துச்சு"ன்னு ஒரு வரி மட்டும். ஏறக்குறைய எல்லாருமே அந்த வரியைப் படிச்சிருக்காங்க, கடைக்கு வந்தப்போ நெறைய பேர் சொன்னது, 480 ரொம்ப அதிகம்தான் அம்மிணி, ஆனா சொன்ன நாளைக்குத்தான் ஏத்தினீங்கன்னு. 480 நெஜமாவே அதிகம்தான். நாலஞ்சு வீடு தேங்காய் எண்ணெயையே நிறுத்திட்டாங்க, தலைக்கு மட்டும் 200 மில்லி. அவங்களுக்கு எந்த லெட்டராலயும் பதில் சொல்ல முடியாது, 480 ரூபா குடுக்க முடியாத வீட்டுல அது எவ்வளவு நல்ல லெட்டரா இருந்தாலும் 480தான்.

இறங்கினா குறைப்போம்னு எழுதின வரியைத்தான் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் வேண்டாம்னார். ஏன்னா ஏத்தறதுக்கு லெட்டர் எழுதற கடை உண்டு, இறக்கறதுக்கு எழுதற கடையை அவர் பாத்ததில்லையாம். நானும் பாத்ததில்ல. அதனாலயே வெறுமனே "விலை குறைந்தால் குறைக்கப்படும்"னு எழுதாம, எந்த விலைக்குக் கீழ, எத்தனை நாள், எவ்வளவு ஆகும்னு மூணையும் எழுதினேன். "ஒரு மாசம் முழுக்க"ன்னு வெச்சது எனக்குப் பாதுகாப்பு, ஒரு ஏலத்துல இறங்கி அடுத்த ஏலத்துல ஏறும், அதுக்கெல்லாம் விலையை மாத்திட்டு இருந்தா கையில இருக்கற சரக்கு பழைய விலைக்கு வாங்கினது. ஜூலை லெட்டர்ல அது கிலோ 200க்குக் கீழ ஒரு மாசம், லிட்டர் 430ன்னு. பெருந்துறை ஏல விலையை வாரா வாரம் கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு சிலேட்டுல சாக்பீஸ்ல எழுதறேன், பக்கத்துலயே 200ன்னு ஒரு கோடு.

அந்த சிலேட்டை யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். ஆகஸ்ட் மாசம் ஒரு நாள் காலையில ஏழு மணி, செக்கு அப்போதான் ஓட ஆரம்பிச்சிருக்கு, போன் அடிக்குது. வாத்தியார்.

"ஏம்மா, இன்னைக்குப் பேப்பர் பாத்தீங்களா? பருப்பு கிலோவுக்கு ரெண்டு ரூபா இறங்கியிருக்கு."

"பாத்தேன் சார். இன்னும் 200க்கு மேலதானே சார் இருக்கு."

"அது தெரியும்மா. 200க்குக் கீழ வந்தாலும் ஒரு மாசம் நிக்கணும்னு எழுதியிருக்கீங்க. நான் தேதி போட்டு எழுதிட்டு வர்றேன், வந்துச்சுன்னா சொல்றேன். அப்புறம் சாயந்திரம் வர்றேன், ஒரு லிட்டர் எடுத்து வெச்சிருங்க."